வாட்டும் வயிறும்: தீவில் சைக்கிள் உழக்கும் பிள்ளைகளுக்குப் பதினொரு சொல்

ஒவ்வொரு ஆடி, ஆவணியிலும் கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் பிரான்சிலிருந்தும் பிள்ளைகள் எங்கள் ஊரான புங்குடுதீவுக்கு வருகிறார்கள். வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்துக்கொண்டு குறிகட்டுவான் வரை போய்த் திரும்புகிறார்கள். கையில் மணிக்கூடு, சிலரிடம் பெடலில் பூட்டும் வாட் மீற்றர். மாலையில் திண்ணையில் இருந்துகொண்டு, "இண்டைக்கு எத்தனை கலோரி எரிஞ்சது, மாஸ்டர்?" என்று என்னிடம் கணக்குச் சரிபார்க்க வருவார்கள். ஊரில் லுமாலா உழக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் இப்போது அதே கேள்விதான். 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது சைக்கிளுக்குத் திரும்பியவர்களில் சிலர் அதை இன்னும் விடவில்லை. அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதி வைக்கிறேன். நான் விஞ்ஞானமும் கணிதமும் படிப்பித்தவன். ஆகவே கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் வாட்டையும் கலோரியையும் பிரித்துப் பிடியுங்கள்.

வாட் என்பது வேகம். சக்தி எவ்வளவு விரைவாகச் செலவாகிறது என்பதன் அளவு. ஒரு வாட் என்றால் ஒரு செக்கனுக்கு ஒரு யூல். கலோரி என்பது செலவான மொத்தம். ஆகவே "100 வாட் உழக்கினேன்" என்று சொன்னால் பாதிக் கதைதான். எவ்வளவு நேரம் என்பதையும் சொல்ல வேண்டும். 100 வாட்டை ஒரு மணித்தியாலம் விடாமல் உழக்கினால் 3,60,000 யூல், அதாவது 360 கிலோயூல் பெடலுக்குப் போயிருக்கும். சாப்பாட்டுப் பொதியில் கலோரி என்று எழுதியிருப்பது உண்மையில் கிலோகலோரி. அது ஒன்றுக்கு 4.184 கிலோயூல். வகுத்தால் 86 வரும்.

ஒரு மணித்தியாலம் வியர்க்க வியர்க்க உழக்கி வெறும் 86 கலோரிதானா என்று முகம் சுருங்க வேண்டாம். இது பெடல் வாங்கிக்கொண்ட கணக்கு. உங்கள் உடம்பு கொடுத்த கணக்கு வேறு.

2. உடம்பு கொடுப்பதில் கால்பங்குக்கு மேல் பெடலுக்குப் போகாது.

சாப்பாட்டில் உள்ள சக்தி நேரே தசைக்குப் போவதில்லை. முதலில் ஏடிபி என்ற இரசாயனப் பொருளாக மாறுகிறது. அந்த மாற்றத்தில் பாதிக்குக் கிட்ட வெப்பமாகக் கழிகிறது. ஏடிபியை வைத்துத் தசை இழுக்கும்போது மிச்சத்திலும் பாதிக்குக் கிட்டக் கழிகிறது. பாதியில் பாதி என்றால் கால். அதற்குள் இதயம், நுரையீரல், நிமிர்ந்திருக்கும் முதுகு எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். கடைசியில் நன்றாக உழக்குபவர்களிடம் நூற்றுக்கு 20 முதல் 25 வரை பெடலுக்கு வந்து சேரும். இதைத்தான் வினைத்திறன் என்கிறோம்.

இது புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவின் கார்னெகி நிறுவனத்துக்காக பெனடிக்டும் காத்காட்டும் ஒரு தொழில்முறைச் சைக்கிள் ஓட்டுநரை நிலையான சைக்கிளில் இருத்தி, அவர் உள்ளிழுத்த ஒட்சிசனை அளந்து, 1913இல் ஒரு முழுப் புத்தகமாகவே வெளியிட்டார்கள். வழி இன்றும் அதுதான். ஒரு லீற்றர் ஒட்சிசனை உடம்பு பயன்படுத்தினால் ஏறத்தாழ 5 கலோரி எரிந்திருக்கும். கொழுப்பு எரிந்தால் சற்றுக் குறைவு, மாச்சத்து எரிந்தால் சற்றுக் கூட. ஒரு பக்கம் ஒட்சிசன், மறுபக்கம் பெடலின் வாட். இரண்டையும் ஒப்பிட்டால் வினைத்திறன் வந்துவிடும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த வினைத்திறன் பழகியவனுக்கும் பழகாதவனுக்கும் பெரிதாக வேறுபடுவதில்லை. பழக்கம் உங்களுக்குத் தருவது அதிக வாட்டை அதிக நேரம் தாங்கும் திராணி. ஒரே வாட்டில், ஒரே எடையுள்ள இருவர் எரிப்பது கிட்டத்தட்ட ஒன்றே. அப்படி இருப்பதால்தான் வாட்டை வைத்துக் கலோரி சொல்லவே முடிகிறது. ஆளுக்கு ஆள் மலைக்கும் மடுவுக்குமாக மாறியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

3. கிலோயூலும் கலோரியும் ஒன்று என்ற குறுக்குவழியை அளவோடு நம்புங்கள்.

வாட் மீற்றர் வைத்திருப்பவர்களில் பலர் இந்தக் குறுக்குவழியைத்தான் பாவிக்கிறார்கள். மீற்றர் 700 கிலோயூல் என்று காட்டினால் 700 கலோரி எரிந்தது என்று எழுதிக்கொள்வார்கள். இது மந்திரமல்ல. கிலோயூலைக் கலோரியாக்க நாலுக்குச் சற்று மேல் வகுக்கிறோம். உடம்பின் வினைத்திறன் கால்பங்குக்குச் சற்றுக் கீழ் என்பதால் நாலுக்குச் சற்று மேல் பெருக்குகிறோம். வகுத்ததும் பெருக்கியதும் ஒன்றையொன்று வெட்டிவிடுகின்றன. வினைத்திறன் சரியாக நூற்றுக்கு 23.9 ஆக இருந்தால் இரண்டு எண்ணும் அப்படியே பொருந்தும்.

ஆனால் 20 முதல் 25 வரை என்ற இடைவெளி சிறியதல்ல. 200 வாட்டில் ஒரு மணித்தியாலம் ஓடினால் 720 கிலோயூல். வினைத்திறன் 25 என்றால் எரிந்தது 688 கலோரி. 20 என்றால் 860. மீற்றர் எவ்வளவு துல்லியமாக வாட்டை அளந்தாலும், உடம்புப் பக்கத்துக் கணக்கில் இந்த அசைவு இருந்துகொண்டே இருக்கும். ஆகவே திரையில் 437 என்று பார்த்தால் "நானூறு சொச்சம்" என்று வாசியுங்கள். அந்தக் கடைசி 37 உங்களுக்காக அளந்ததல்ல.

4. ஊர் வேகத்தில் ஓடுபவர்களுக்கு அந்தக் குறுக்குவழி குறைத்தே சொல்லும்.

என் பிள்ளைகள் முக்கியமாக அறிய வேண்டியது இதுதான். 20, 25 என்ற வினைத்திறன் எல்லாம் 150, 200 வாட்டில் உழக்குகிறவர்களின் கணக்கு. மடத்துவெளியிலிருந்து ஆலடிச்சந்திக்குச் சாமான் வாங்கப் போகிறவர் அவ்வளவு உழக்குவதில்லை. 50, 60 வாட் இருந்தாலே அதிகம். அந்த மெல்லிய வேகத்திலும் உடம்பு உயிர்வாழவும், காலைச் சும்மா சுழற்றவும், நிமிர்ந்திருக்கவும் ஒரு நிலையான செலவைச் செய்கிறது. வேலை சிறிதாகும்போது அந்த நிலைச்செலவின் பங்கு பெருத்துப்போகும், வினைத்திறன் இறங்கும்.

இதற்கு அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி வெளியிட்ட ஒரு சூத்திரம் இருக்கிறது. ஒட்சிசன் கணக்கில் இருப்பதை நான் கலோரிக்கு மாற்றித் தருகிறேன், கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். வாட்டை 10.8ஆல் பெருக்குங்கள். உங்கள் எடையைக் கிலோவில் எடுத்து 7ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி 200ஆல் வகுங்கள். வருவது ஒரு நிமிடத்தில் எரியும் கலோரி. 50 வாட்டுக்கும் 200 வாட்டுக்கும் இடையில் இது நன்றாக நிற்கும்.

ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். எடை 62 கிலோ. சைக்கிள் இரும்புச் சட்டம், கரியர், மட்காட் எல்லாம் சேர்த்து 20 கிலோ. காற்றே இல்லாத விடிகாலை, மட்டமான தார் றோட்டு, மணிக்கு 15 கிலோமீற்றர். ரயர் றோட்டில் உருளுவதற்கு 27 வாட் அளவில் வேண்டும். நிமிர்ந்திருக்கும் உடம்பு நிற்கும் காற்றைப் பிளந்துபோக 25 வாட். செயினில் போகும் நட்டத்தையும் சேர்த்தால் பெடலில் 55 வாட். தீவில் ஏற்றமே இல்லை என்பதால் ஏற்றத்துக்கான கணக்குப் பூச்சியம். இந்த ஒரு விஷயத்தில் கண்டிக்காரரைவிட நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

10 கிலோமீற்றர் போக 40 நிமிடம். பெடலுக்குப் போனது 132 கிலோயூல். குறுக்குவழிப்படி 132 கலோரி. இனிச் சூத்திரம்: 55ஐ 10.8ஆல் பெருக்கினால் 594; 62ஐ 7ஆல் பெருக்கினால் 434; கூட்டினால் 1,028; 200ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 5.14. நாற்பது நிமிடத்துக்கு 206 கலோரி. வினைத்திறன் நூற்றுக்கு 15தான். குறுக்குவழி மூன்றில் ஒரு பங்கைக் காணாமல் விட்டுவிட்டது.

5. காற்றைக் கேட்காமல் கலோரி சொல்லாதீர்கள்.

எங்கள் தீவில் மலை இல்லை, ஆனால் சோளகம் இருக்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்கு வரும் பாதை தென்மேற்கு நோக்கியே போகிறது. வாணர் பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் கடல்; ஒதுங்க ஒரு பனைகூடக் கிடையாது. யாழ்ப்பாணம் போகும்போது பின்னாலிருந்து தள்ளிய காற்று, திரும்பி வரும்போது நெஞ்சில் நிற்கும்.

அதே பிள்ளை, அதே சைக்கிள், அதே 15 கிலோமீற்றர் வேகம். சோளகம் மணிக்கு 18 கிலோமீற்றர் என்று வைப்போம். ஆனி, ஆடியில் அது பெரிய காற்றல்ல. இப்போது நெஞ்சில் படும் காற்றின் வேகம் 33. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடும். ஆகவே தடை இரண்டு மடங்கல்ல, ஐந்து மடங்கிற்குக் கிட்டப் போகிறது. காற்றுக்கு மட்டும் 122 வாட். ரயரையும் செயினையும் சேர்த்தால் பெடலில் 157 வாட். 55 எங்கே, 157 எங்கே! சூத்திரத்தில் போட்டால் நிமிடத்துக்குப் பத்தரைக் கலோரிக்கு மேல். பழகாத பிள்ளைக்கு இது மூச்சு முட்டும் எல்லை. பத்து நிமிடம் போவதற்குள் இறங்கி உருட்டத் தொடங்கிவிடும்.

பின்காற்றில் என்ன நடக்கும்? காற்றின் வேகம் உங்களைவிடச் சற்றுக் கூட. முன்னால் தடையே இல்லை. ரயருக்கு மட்டும் கொடுத்தால் போதும். பெடலில் 27 வாட். இப்போது சராசரி பாருங்கள். 157உம் 27உம் கூட்டி இரண்டால் வகுத்தால் 92. காற்றில்லாத நாளில் 55. போகும்போது கொடுத்ததைக் காற்று வரும்போது திருப்பித் தந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தராது. எதிர்காற்றில் பெரிய தொகையாக வாங்கி, பின்காற்றில் சில்லறையாகத்தான் தரும்.

உண்மையில் யாரும் அதே வேகத்தில் போவதில்லை. உடம்பு தாங்கும் வாட்டில்தான் போவார்கள். 55 வாட்டையே விடாமல் பிடித்தால் எதிர்காற்றில் வேகம் மணிக்கு 8 கிலோமீற்றரைக்கூடத் தொடாது. 10 கிலோமீற்றருக்கு 78 நிமிடம், 401 கலோரி. பின்காற்றில் வேகம் 24க்கு மேல் ஏறும். 24 நிமிடம் சொச்சம், 125 கலோரி. இரண்டும் சேர்த்து 526. காற்றில்லாத நாளில் போய்வந்தால் 412. றோட்டு ஒன்று, தூரம் ஒன்று, கால் கொடுத்த வாட்டும் ஒன்று. நூற்றுக்கு மேற்பட்ட கலோரி வித்தியாசம் முழுவதும் நேரத்தில் வந்தது.

வழியில் வளைவுகள் உண்டு, காற்றும் நேர் எதிராகவே அடித்துக்கொண்டிருக்காது. ஆகவே உங்கள் நாளில் இந்த எண்கள் அப்படியே வராது. எந்தப் பக்கம் சாயும் என்பது மட்டும் மாறாது.

6. கிலோமீற்றரைக் கலோரியாக்கும் அட்டவணைகளைத் தள்ளி வையுங்கள்.

மேலே சொன்னதே காரணம். கிலோமீற்றருக்கு இத்தனை என்று எழுதியவர் சோளகத்தில் வாணர் பாலம் தாண்டியவராக இருக்க மாட்டார். வாட் மீற்றர் இல்லாவிட்டால் காற்று எழும்பாத காலையில் 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிப் பாருங்கள். அந்த மூச்சும் காலில் தெரியும் பாரமும் 50, 60 வாட்டின் அடையாளம். எதிர்காற்றிலும் அதே மூச்சில் போனால் வாட் அதேதான். நேரத்தை மட்டும் மணிக்கூட்டில் பார்த்து, நிமிடக் கணக்கால் பெருக்குங்கள். இப்படிச் செய்யும்போது கணக்கு மீற்றருக்கு அதிக தூரத்தில் நிற்காது.

7. சும்மா இருந்தாலும் எரிந்திருக்கும் கலோரியைக் கழியுங்கள்.

உடம்பு மெலியக் கணக்குப் பார்ப்பவர்களில் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்த 206 கலோரியில் 43 கலோரி, சைக்கிள் பக்கமே போகாமல் திண்ணையில் இருந்திருந்தாலும் அந்த நாற்பது நிமிடத்தில் எரிந்திருக்கும். சைக்கிள் புதிதாகச் சேர்த்தது 163தான். அன்றாடச் செலவுக் கணக்கில் இருப்புச் செலவு ஏற்கனவே சேர்ந்திருக்கும். அதோடு 206ஐயும் கூட்டினால் ஒரே செலவை இரண்டு தரம் எழுதியதாகிவிடும். கழிப்பது சுலபம்: சூத்திரத்தில் 7க்குப் பதிலாக 3.5ஆல் பெருக்குங்கள். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. 163ஆல் வகுத்துப் பார்த்து, அவசரப்படாமல் இருங்கள்.

8. டைனமோவை வைத்து வாட்டின் விலையைப் படியுங்கள்.

1990களில் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டுச் செய்தி அறிந்த தலைமுறை எங்களுடையது. பின்சில்லில் உரசும் அந்தச் சிறு டைனமோ முழுதாகக் கொடுத்தாலும் 3 வாட்தான். அது திறமையான இயந்திரமும் அல்ல. 3 வாட் மின்சாரம் தர 7, 8 வாட் உழைப்பை விழுங்கும். அந்த 7, 8 வாட்டைத் தர உடம்பு 30 வாட்டுக்குக் குறையாமல் எரிக்க வேண்டும். சாப்பாட்டிலிருந்து றேடியோவுக்கு வரும்போது பத்தில் ஒன்று மிஞ்சினது. செய்தியை ஒருவர் கேட்க இன்னொருவர் சுற்றுவார், கை மாறி மாறி. ஏன் மாறினார்கள் என்பது இப்போது கணக்காகத் தெரிகிறது. கைத்தசை காலைப்போலப் பெரிதல்ல, கெதியாகக் களைத்துவிடும்.

இன்றைக்கு இரவில் டைனமோ லைட்டோடு ஓடுகிறவர், மேலே சொன்ன 55 வாட்டுக்கு மேல் 7, 8 வாட் கூடக் கொடுக்கிறார். ஊர் வேகத்தில் அது ஏழில் ஒரு பங்கு. கால் அதை உணரும். அது மனப்பிரமை அல்ல.

9. மிச்ச முக்கால்பங்கும் வெப்பம். அதை எங்கே விடுவீர்கள் என்று யோசியுங்கள்.

157 வாட் பெடலுக்குக் கொடுக்கும் பிள்ளையின் உடம்பு மொத்தமாக 740 வாட் அளவில் எரிக்கிறது. பெடலுக்குப் போகாத 580 சொச்சமும் உடம்பைச் சூடாக்கும். அதை வெளியேற்ற எங்கள் வெயிலில் வியர்வைதான் முக்கிய வழி. ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் 2,400 கிலோயூலுக்குச் சற்று மேல் கொண்டுபோகும். கணக்கிட்டால் மணித்தியாலத்துக்கு 850 மில்லிலீற்றருக்குக் குறையாமல் வேண்டும். 55 வாட்டிலும்கூட அரை லீற்றருக்குக் கிட்ட வரும். அதுவும் ஒரு சொட்டும் கீழே சிந்தாமல் ஆவியானால். சொட்டி விழும் வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை.

இங்கே எதிர்காற்று நண்பன். தோலில் அடித்து வியர்வையை உலர்த்திவிடும். ஆபத்து பின்காற்றில். நீங்களும் 15, காற்றும் 18 என்று போகும்போது உங்களைச் சுற்றிக் காற்று ஏறத்தாழ அசைவில்லாமல் நிற்கும். வியர்வை ஆவியாகாது, ஒழுகும். கால் இலேசாக இருக்கிறதே என்று வேகத்தைக் கூட்டுவீர்கள். வெப்பம் உள்ளேயே தேங்கும். தலைச்சுற்று, வாந்தி வரும்போல ஒரு உணர்வு, வியர்த்த தோலில் சில்லிட்ட கூச்சம் வந்தால் உடனே நிழலில் இறங்கிவிடுங்கள். தீவில் பல கிணறுகள் உவர். வழியில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போகாமல் போத்தலைக் கட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்றும் இதோடு சேரும். வெயிலில் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், அதே வாட்டுக்கு இதயம் வேகமாக அடிக்கும். இதயத் துடிப்பை மட்டும் பார்த்துக் கலோரி சொல்லும் மணிக்கூடு அதை உழைப்பு என்று எண்ணிக்கொள்ளும். சூரிச்சில் ஓரளவு சரியாகச் சொன்ன மணிக்கூடு இங்கே நண்பகலில் கூட்டிச் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். வாட் மீற்றருக்கு அந்தக் குழப்பம் இல்லை. வெயிலோ குளிரோ, அது பெடலை மட்டும்தான் பார்க்கும்.

10. ரயருக்குக் காற்றடியுங்கள், செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

காற்றுக் குறைந்த ரயர் உருளும்போது நசிந்து நசிந்து சக்தியைக் குடிக்கும். மேலே ரயருக்கு 27 வாட் என்றேன். தளர்ந்த ரயரில் அது 45ஐத் தாண்டிப்போவது சாதாரணம். உப்புக்காற்றில் செயின் துருப்பிடிக்கும். துரு இன்னும் சில வாட்டைத் தின்னும். கலோரி எரிக்கத்தானே போகிறோம், தளர்ந்தால் நல்லதுதானே என்று கேட்ட ஒரு கெட்டிக்காரப் பிள்ளைக்குச் சொன்ன பதில்: எரியும், ஆனால் ரியூப்பும் சேர்ந்து கிழியும், அடுத்த நாள் சைக்கிளே இருக்காது. மீற்றர் உங்களிடம் பெடலில் இருக்கிறதா, பின்சில்லில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்சில்லில் இருப்பது செயினின் நட்டத்தைக் காணாது. உடம்பு அதையும் கொடுத்திருக்கிறது.

எரித்ததைத் திருப்பி உள்ளே போடும் சாப்பாட்டுக்குச் சில வரி போதும். இரண்டு தேக்கரண்டிச் சீனி போட்ட பிளேன்ரீ 40 கலோரி வரும். ஊர் வேகத்தில் அதற்கு எட்டு நிமிடம் உழக்க வேண்டும். நூறு கிராம் பனங்கட்டி முந்நூற்றைம்பது கலோரிக்கு மேல். குறிகட்டுவானில் வள்ளத்துக்குக் காத்திருக்கும்போது கடிக்கும் கட்டிகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

11. டபிள் ஏற்றப் பயப்படாதீர்கள். காற்றில் வரிசையாகப் போங்கள்.

கரியரில் 60 கிலோ ஆள் ஒருவரை ஏற்றினால் உழைப்பு இரட்டிப்பாகும் என்று நினைப்பீர்கள். காற்றில்லாத மட்ட றோட்டில் அப்படி ஆகாது. கூடுவது ரயரின் பங்குதான். அதுவும் 27இலிருந்து 46 வாட் அளவுக்கு. பின்னால் இருப்பவர் உங்கள் முதுகுக்குப் பின்னே ஒளிந்திருப்பதால் காற்றுத் தடை பெரிதாக ஏறுவதில்லை. பெடலில் 75, 76 வாட். சூத்திரத்தில் உங்கள் எடையை மட்டும் போடுங்கள், அவருடையது வாட்டுக்குள்ளே வந்துவிட்டது. நிமிடத்துக்கு 5.14 கலோரி 6.3க்கு ஏறும், அவ்வளவுதான். புறப்படும் அந்த முதல் சில உழக்குகள்தான் கஷ்டம். அதனால்தான் ஊரில் ஓட விட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்து ஏறுவார்கள். ரயருக்கு நன்றாகக் காற்றடித்திருக்க வேண்டும், அது மட்டும் கட்டாயம்.

சோளகம் ஆளுக்கு 100 வாட் கேட்கிறது. கரியரில் இருக்கும் மச்சான் 20தான் கேட்கிறான். ஆகவே இரண்டு பேர், இரண்டு சைக்கிள் என்று வாணர் பாலத்தில் எதிர்காற்றுக்குப் போனால் பக்கத்துப் பக்கமாகக் கதைத்துக்கொண்டு போகாதீர்கள். முன் சில்லை முன்னவரின் பின்சில்லுக்கு அரை மீற்றர் அளவில் பிடியுங்கள். பின்னவருக்குக் காற்றுத் தடையில் கால்பங்கோ அதற்கு மேலோ குறையும். 15 கிலோமீற்றர் வேகத்தில் அது 30 வாட். சில நிமிடத்துக்கு ஒரு தரம் இடம் மாறுங்கள். காற்று நேரே வராமல் இடப்பக்கமாகச் சரிந்து அடித்தால் நேர் பின்னால் மறைவு இருக்காது. சற்று வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஆனால் அங்கே பின்னால் பஸ் வரும். அப்போது மறைவை விட்டுவிட்டு ஒற்றை வரிசையில் றோட்டோரமாகப் போங்கள், 30 வாட் போனால் போகட்டும்.